அதிபர் விக்னராஜாவின் ஒரே ஃபோல்டர்

விக்னராஜா அண்ணைக்கு இத்தாலியின் இந்தப் பலேர்மோவில் மூன்று பெயர். அவர் வேலை செய்யும் வீட்டுச் சின்யோரா, அதாவது எசமானியம்மா, விக்னராஜா என்பது வாயில் நுழையவில்லை என்று முதல் நாளே 'வித்தோரியோ' என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். வீட்டில் மனைவி கோபத்தில் கூப்பிடுவதை இங்கே எழுத முடியாது. சனிக்கிழமை பின்னேரம் மட்டும் அவர் 'அதிபர்'. அந்த ஒரு பின்னேரத்துக்காகத்தான் மனுசன் மற்ற நாளெல்லாம் சின்யோராவின் சலவைக்கல் தரையைத் துடைக்கிறார் என்று நான் நினைப்பதுண்டு.

கோயில் மண்டபத்தில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அவர் அதிபரானது படிப்பால் அல்ல. ஊரில் கொஞ்சக் காலம் தொண்டர் ஆசிரியராக இருந்தாராம். என்ன பாடம் படிப்பித்தீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். உடற்பயிற்சி என்று அவருடைய மச்சான் ஒருநாள் என் புருசன் றொனியிடம் உளறிவிட்டான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவரளவுக்குச் சேர்ட்டை அயன் பண்ண இந்த ஊரில் ஆளில்லை. கழுத்துப்பட்டியைப் பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும். அதிபர் பதவிக்கு அது போதும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

அவருடைய பலவீனம் பேச்சு. ஒலிவாங்கி கையில் கிடைத்தால் தமிழின் தொன்மையில் தொடங்கி, ரோமாபுரிக்காரன் கப்பலேறி எங்கள் துறைமுகங்களுக்கு வந்த கதையில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் பிறகுதான் கழிவறையைச் சுத்தமாக வைத்திருக்கும் விடயத்துக்கு வருவார். அன்றைய பெற்றோர் கூட்டத்திலும் அப்படித்தான் வந்தார். ஆனால் அன்றைய விடயம் கழிவறை இல்லை. வட்ஸ்அப்.

எங்கள் பெற்றோர் வட்ஸ்அப் குழுவைப் பற்றி நான் என்ன சொல்ல. விடியற்காலையில் ரோசாப்பூவோடு காலை வணக்கம் தொடங்கும். பிறகு ஒரு மரண அறிவித்தல், அதற்குக் கீழே கைகூப்பிய அஞ்சலிகள், அஞ்சலிகளுக்கு நடுவே யாரோ விற்கும் காஞ்சிபுரம் சேலை. இந்தக் குப்பைக்குள் அதிபர் போட்ட சுற்றறிக்கை எங்கேயோ புதைந்து போகும். போன தவணையில் விளையாட்டுப் போட்டி தள்ளிப்போன செய்தி அப்படிப் புதைந்து போனது. பாதிப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். என் மகன் ஜெனோஜனும் நின்றான். அன்று நான் அதிபருக்கு ரெலிபோன் எடுத்துக் கதைத்ததை அவர் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே புது ஏற்பாடு பற்றிப் பெற்றோர் கூட்டம். சனிக்கிழமைக் கூட்டம் என்றால் எனக்கு ஒரு மேலதிக வேலை உண்டு. கனகேஸ்வரிக்காக என் போனை உயர்த்திப் பிடிக்க வேண்டும்.

கனகேஸ்வரி என் சிநேகிதி. மொண்டெல்லோவில் படுக்கையில் கிடக்கும் ஒரு சின்யோராவோடு தங்கியிருந்து வேலை செய்கிறாள். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு. வாடகை வீட்டில் தகப்பனோடு இருக்கும் மகள் கிருசாந்தினியை அந்த இரண்டு நாளும்தான் கண்ணால் காண்பாள். பள்ளிக்கூடமோ சனிக்கிழமை, ஆண்டு விழாவும் சனிக்கிழமை. மகள் மேடையில் மயிலாக ஆடியதையும், மரமாக நின்றதையும், பாரதமாதாவா தமிழன்னையா என்று தெரியாத ஏதோ ஒரு மாதாவாக இருந்ததையும் அவள் நான் அனுப்பிய வீடியோவில்தான் பார்த்தாள். அதிலும் பாதியில் எனக்கு முன்னாலிருந்தவரின் வழுக்கைத் தலைதான் தெரியும். இந்த வருசம் கிருசாந்தினிக்குத் தனி நடனம். தாய்க்காரி அதை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று வருசம் முழுக்க ஏங்கிக்கொண்டிருந்தாள். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

அதிபர் லப்டொப்பை மண்டபத்து ரீவியோடு இணைத்தார். அதாவது, இணைத்தது ஞானம்பிகை ரீச்சர். அதிபர் வயரைப் பார்த்து ஆசீர்வதித்தார்.

"அன்பார்ந்த பெற்றோரே! இண்டையிலிருந்து வட்ஸ்அப்பிலை சுற்றறிக்கை இல்லை. வீட்டுப்பாடம் இல்லை. எல்லாம் கிளவுட்டிலை ஒரே ஃபோல்டருக்கை!"

ரீவியில் ஒரு ஃபோல்டர் திறந்தது. உள்ளே இரண்டு ஃபோல்டர்கள், 'சுற்றறிக்கை' என்று ஒன்று, 'வீட்டுப்பாடம்' என்று ஒன்று. வீட்டுப்பாடத்துக்குள் ஆண்டு ஒன்றிலிருந்து வரிசையாக வகுப்புகள்.

"ஒவ்வொருத்தரின்ரை ஈமெயிலையும் இதிலை சேர்த்திருக்கிறன். லிங்க் எங்கடை குறூப்பின்ரை விபரத்திலை எப்பவும் இருக்கும், தேடத் தேவையில்லை. நான் இதுக்கை ஒண்டைப் போட்டால் அது உடனை உங்கள் எல்லாருக்கும் தெரியும். திகதியை முன்னுக்குப் போட்டுத்தான் பெயர் வைப்பன், அப்ப வரிசையா நிக்கும்."

"என்ரை போனிலை இடமில்லை அதிபர்," என்றார் பின்னாலிருந்து தில்லையம்பலம் அண்ணை. பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவர். எந்தக் கூட்டத்திலும் அவருடைய குரல்தான் முதலில் எழும்பும்.

"இடம் தேவையில்லை அண்ணை. கடிதம் உங்கடை போனிலை இல்லை, அங்கை இருக்கு. நீங்கள் இஞ்சையிருந்து திறந்து பாக்கிறீங்கள். இன்ரநெட் இல்லாத இடத்திலை வேணுமெண்டால் மட்டும் முன்கூட்டியே போனிலை எடுத்து வைக்கலாம்."

"அப்ப நீங்கள் திகதியை மாத்தினால்?"

"அதுதானே விசயம்!" அதிபருக்கு முகம் மலர்ந்தது. "வட்ஸ்அப்பிலை பழைய கடிதமும் சுத்தும், புதுக் கடிதமும் சுத்தும். எது சரியெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இதிலை ஒரே கடிதம். நான் திருத்தினால் எல்லாற்றை போனிலையும் திருத்தின கடிதம்தான் தெரியும்."

நான் மனதுக்குள் பாராட்டினேன். உடற்பயிற்சி வாத்தியார் பரவாயில்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ரீவியில் பெயர்ப் பட்டியலைத் திறந்து காட்டினார். நிர்வாக சபை ஆட்களின் பெயருக்கு நேரே 'எடிட்டர்' என்றிருந்தது. மிச்சப் பேருக்கு நேரே 'பார்வையாளர்'.

"இதென்ன வித்தியாசம்?" தில்லையம்பலம் அண்ணை எழும்பியே விட்டார்.

"நிர்வாக சபை மாத்தலாம். பெற்றோர் பாக்கலாம்."

மண்டபம் சந்தையாகிவிட்டது. இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கதிரை வாங்கித் தந்தது யார், அலுமாரி தந்தது யார், தீவுப் பக்கத்தார் என்றால் பார்வையாளரா, யாழ்ப்பாணத்தார் மட்டும் எடிட்டரா, மன்னார் ஆட்களை எப்போதும் கடைசி வாங்கிலில்தானே வைத்திருக்கிறீர்கள், கிறிஸ்தவ வேதக்காரருக்கு ஒரு நீதி சைவக்காரருக்கு ஒரு நீதியா என்று முப்பது வருசக் கணக்கெல்லாம் எழும்பி வந்தது. எடிட்டர் என்றால் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் தனக்கு இல்லாதது மற்றவனுக்கு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

"அதிபர், எல்லாரையும் பார்வையாளராவே விடுங்கோ. நீங்கள் ஒராள் மாத்தினால் போதும்," என்று ஞானம்பிகை ரீச்சர் காதுக்குள் சொன்னார். ஒலிவாங்கி பக்கத்திலிருந்ததால் அது எல்லோர் காதுக்குள்ளும் போனது. நிர்வாக சபை எழும்பியது.

அதிபருக்குச் சண்டை ஆகாது. சேர்ட் கசங்கிவிடும். ஒவ்வொரு பெயராகத் தொட்டு எல்லோரையும் எடிட்டர் ஆக்கினார். ஒரு பெயர் மாறும்போது ஒரு கைதட்டல். கடைசியில் மார்பை நிமிர்த்தி, அன்றைய பேச்சின் உச்சியில் ஏறினார்.

"இது என்ரை ஃபோல்டர் இல்லை. எங்கடை ஃபோல்டர். அதிலை ஒரு பிழையைக் கண்டால் எனக்கு ரெலிபோன் எடுத்துப் பேசாதேங்கோ. நீங்களே அதிலை திருத்துங்கோ!"

பேசாதேங்கோ என்னும்போது என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். கனகேஸ்வரி சின்யோரா வீட்டுக் குளியலறையில் ஒளிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாங்களே திருத்தலாமாமோ?" என்று கிசுகிசுத்தாள்.

"ஓமடி. அதிபரே சொல்லுறார்."

அடுத்த நாள் ஆண்டு விழாச் சுற்றறிக்கை ஃபோல்டருக்குள் வந்தது. சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. சிறப்பு விருந்தினர் என்ற இடத்தில் நகரசபை உறுப்பினர் ஒருவரின் பெயர் தடித்த எழுத்தில் நின்றது. அவர் வித்தோரியோவின் சின்யோராவுடைய தங்கை மகன். அந்த மனிதரைச் சம்மதிக்கவைக்க அதிபர் பட்ட பாட்டை அவர் மனைவி எனக்குச் சொல்லியிருக்கிறாள். சியாகுல்லி மண்டரின் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரைப் பிடித்துப் பெட்டி பெட்டியாகப் பழம் சுமந்து கொடுத்தாராம். ஒரு இத்தாலிய அரசியல்வாதி தனக்குப் பொன்னாடை போர்த்த, தான் அவருக்குப் பொன்னாடை போர்த்த, அந்தப் படம் சின்யோரா வீட்டு வரவேற்பறையிலும் தொங்க வேண்டும். அந்த வீட்டில் அவருக்கு இவ்வளவு காலமும் கிடைக்காத கதிரை அது. நகரசபை உறுப்பினருக்கும் சனிக்கிழமை மட்டும்தான் வசதி என்றதால் இந்த முறையும் சனிக்கிழமைதான்.

பிறகு எங்கள் எடிட்டர்மார் வேலையைத் தொடங்கினார்கள்.

ஒவ்வொரு குடும்பமும் இருபது மீன் றோல்ஸ் கொண்டுவரவும் என்றிருந்தது பத்தாகியது. அன்று பின்னேரம் பற்றீஸ் ஆகியது. இரவுச் சாப்பாட்டுக்குள் 'விரும்பினால்' என்றாகியது. பெண்பிள்ளைகள் பச்சைப் பாவாடை என்றது சிவப்பாகி, பிறகு 'வீட்டிலுள்ள நிறம்' ஆகியது. ஆண்டு நான்கின் வீட்டுப்பாடத்தில் பத்து வசனம் எழுதுக என்பது இரண்டு வசனமானது. அதை எந்தப் பிள்ளை தாயின் போனில் செய்ததோ, என் பிள்ளை இல்லை, அவன் ஒரு வசனம்தான் விட்டிருப்பான். சுற்றறிக்கையின் அடியில் 'பல்லரோவில் நெத்தலிக் கருவாடு வந்துள்ளது' என்றும் ஒரு வரி முளைத்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சனிக்கிழமை வியாழக்கிழமை ஆகியது.

அதை யாரும் உடனே கவனிக்கவில்லை. ஏற்கெனவே படித்தவர்கள் சனி என்றிருந்தார்கள். பிந்திப் படித்தவர்கள் வியாழன் என்றிருந்தார்கள். ஒரே கடிதம் என்பதால் இரண்டு பகுதியும் தாங்கள் கண்ணால் கண்டதாகச் சத்தியம் பண்ணியது. இங்கே சின்யோராமாரிடம் லீவு கேட்பது சும்மா விடயமில்லை. நல்ல முகம் பார்த்து, நல்ல கோப்பி போட்டுக் கொடுத்து, ஒருமுறைதான் கேட்கலாம். கேட்டவர்கள் போய் மாற்றிக் கேட்க முடியாமல் அதிபருக்கு ரெலிபோன் எடுத்தார்கள். எடுக்காதேங்கோ என்று அவர் சொன்னதை ஒருவரும் மதிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவசரக் கூட்டம்.

அன்று அதிபரின் பேச்சில் தமிழின் தொன்மையும் இல்லை, ரோமாபுரிக் கப்பலும் இல்லை. அவ்வளவு கோபம்.

"ஆர் மாத்தினது எண்டு தெரியாதெண்டு நினைச்சியளோ? இதுக்கை எல்லாம் பதிவா இருக்கு!"

ஞானம்பிகை ரீச்சர் லப்டொப்பில் அந்தச் சுற்றறிக்கையின் பழைய பதிப்புகளைத் திறந்தார். ஓரத்தில் ஒவ்வொரு மாற்றமும் எந்த நாள், எத்தனை மணி, யார் செய்தது என்று வரிசையாக வந்தது. ஆளுக்கொரு நிறம். அதைத் தொட்டால் அவர் மாற்றிய இடம் அதே நிறத்தில் தெரிந்தது. மண்டபத்தில் எத்தனையோ பேருக்குத் திடீரென்று தாகம் எடுத்தது.

இருபது றோல்ஸைப் பத்தாக்கியது ஊதா நிறம். பெயர்: 'ரே டி பலேர்மோ'.

"ஆர் இந்தப் பலேர்மோ ராசா?" என்றார் அதிபர்.

ஞானம்பிகை ரீச்சர் அதே ஊதா நிறம் செய்த மற்ற மாற்றத்துக்குப் போனார். நெத்தலிக் கருவாடு வந்தது. மண்டபமே தில்லையம்பலம் அண்ணையைத் திரும்பிப் பார்த்தது.

"ஈமெயிலை மகன்தான் திறந்து தந்தவன். பெயரை அவன்தான் வைச்சவன்," என்றார் அவர். "கருவாடு உண்மைதானே, வந்துதானே கிடக்கு."

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் பிடித்தது. அதிபர்கூட ஒரு கணம் சிரித்தார். பிறகு பச்சை நிறம் ஒன்று வந்தது. சனி என்பதை அழித்து வியாழன். பெயர்: கனகேஸ்வரி.

என் போனில் அவள் அப்போதும் இருந்தாள், அதே குளியலறையில். அவளுடைய புருசன் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்தபடி சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாக்கிரட், அவ உங்கடை போனிலை நிக்கிறாவெல்லோ? இஞ்சை கொண்டு வாங்கோ," என்று அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

கொண்டுபோனேன். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தார்.

"தங்கச்சி, இதை ஏன் மாத்தினனீர்? எவ்வளவு பேருக்குக் கரைச்சல் தெரியுமோ?"

"ஐயா, நீங்கள்தானே சொன்னீங்கள்," அவள் குரல் குளியலறைச் சுவரில் பட்டு எதிரொலித்தது. "பிழையைக் கண்டால் ரெலிபோன் எடுக்காமல் திருத்தச் சொல்லி. ஒவ்வொரு வருசமும் சனிக்கிழமை எண்டு பிழையாத்தான் வருது. எனக்கு வியாழக்கிழமையெல்லோ லீவு. அதுதான் திருத்தினனான்."

சிலர் சிரித்தார்கள். முன்வரிசையிலிருந்த ஒருத்தியும் சிரித்தாள், நான் அவளை முறைத்தேன். கனகேஸ்வரி நடிக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். இவ்வளவு நாளும் தன்னிடம் யாரும் கேட்காததால் பிழையாகவே வந்த ஒரு நாளைத் திருத்த, கடைசியில் ஒரு அதிபர் எல்லோர் முன்னாலும் அனுமதி கொடுத்துவிட்டார் என்று.

அதற்குள் போனிலிருந்து சின்யோராக் கிழவியின் குரல் கேட்டது. "கனா! கனா, தொவே செய்?" எங்கே நிற்கிறாய் என்று கூப்பிடுகிறாள். கனகேஸ்வரி அவசரமாக, "ஐயா மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நான் போறன்," என்றாள். திரை இருண்டது.

அதிபர் போனை என்னிடம் திருப்பித் தந்தார். லப்டொப்பில் முதல் நாள் பதிப்பைத் தேர்ந்து, 'மீட்டெடு' என்பதை அழுத்தினார். சனி திரும்பி வந்தது. இருபது றோல்ஸ் திரும்பி வந்தது. பச்சைப் பாவாடையும் நகரசபை உறுப்பினரும் திரும்பி வந்தார்கள். பிறகு பெயர்ப் பட்டியலைத் திறந்து, எடிட்டர் ஆக்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்வையாளர் ஆக்கினார், நிர்வாக சபை உட்பட. இந்த முறை யாரும் கைதட்டவில்லை. யாரும் எதிர்க்கவுமில்லை. பலேர்மோ ராசா தன் பெயர் இறங்கும்போது தலையைச் சொறிந்தார்.

நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதிபரைத் திட்டினேன். "ஒரு கிழவனுக்குப் பொன்னாடை போர்த்துறதுக்காக ஒரு பிள்ளையின்ரை தாயை..." என்று றொனியிடம் கத்தினேன். நகரசபை உறுப்பினர் கிழவரில்லை, நாற்பதுதான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு எல்லோரும் கிழவராகத்தான் தெரிந்தார்கள். இரவு கனகேஸ்வரி செய்தி அனுப்பினாள். 'அக்கா, இந்த முறை முன்வரிசையில் நின்று வீடியோ எடுங்கோ, பிள்ளையின் கால் தெரியவேணும்.' நான் இருந்து அழுதேன். சொல்ல என்ன வெட்கம், அழுதேன்தான்.

செவ்வாய்க்கிழமை நான் வேலை செய்யும் விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது குழுவில் அதிபரின் ஒரு வரி வந்தது. 'ஃபோல்டரைப் பாருங்கோ.' வேறொன்றும் இல்லை. அந்த மனுசன் வாழ்நாளில் எழுதிய ஆகச் சின்னப் பேச்சு அதுதான்.

திறந்தேன். அதே ஆண்டு விழாச் சுற்றறிக்கை. வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. சின்யோரா வீட்டில் எப்படிச் சமாளித்தார், மண்டரின் பெட்டிகளுக்கு என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நகரசபை உறுப்பினரின் பெயர் இருந்த இடத்தில், தடித்த எழுத்தில்:

சிறப்பு விருந்தினர்: திருமதி கனகேஸ்வரி, கிருசாந்தினியின் தாயார்.

தில்லையம்பலம் அண்ணை உட்பட நாலைந்து பேர் அந்த வரியை மாற்றப் பார்த்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. பொறாமைதான். மாற்ற முடியவில்லை. எல்லோரும் பார்வையாளர். அதைத் தொடக்கூடிய ஆள் இந்த ஊரில் ஒரே ஒருவர்தான் மிச்சம்.

விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டே நான் கட்டிலில் இருந்துவிட்டேன். அப்போது போன் அடித்தது. மொண்டெல்லோவிலிருந்து கனகேஸ்வரி. பயந்துபோன குரல்.

"அக்கா, கடிதத்தைப் பாத்தீங்களோ? என்ரை பெயரைப் போட்டிருக்கு. சத்தியமா நானில்லை அக்கா. இந்த முறை நான் கையே வைக்கேல்லை."